லேபிள்ல 50 இருந்துச்சு, தண்ணில 38 தான் இருந்துச்சு

கயாக் கவுந்தப்போ எனக்கு பயமே வரல. நீச்சல் தெரியும், ஏரில காத்து லேசாத்தான் அடிச்சுது, கரை ஒரு 200 மீட்டர்ல தெரியுது, உடம்புல லைஃப் ஜாக்கெட் வேற இருக்கு, அப்புறம் என்னன்னு கால உருவிக்கிட்டு வெளிய வந்துட்டேன். பயம் வந்தது தலை மேல வந்த அப்புறம்தான். ஏன்னா தலை மேல வந்த மாதிரியே இல்ல. ஜாக்கெட் எனக்கு முன்னாடியே மேல போயிருச்சு. அதோட கழுத்துப் பகுதி என் காது வரைக்கும் ஏறி, முன்பக்கம் தாடைய முட்டிட்டு நிக்குது, நான் அதுக்குள்ள கீழ தொங்கிட்டு இருக்கேன். வாய் தண்ணி மட்டத்துக்கு ஒரு விரக்கடை மேல இருந்திருக்கும், சின்ன அலை வந்தாக்கூட நேரா வாய்லதான் அடிச்சுது. கைய முன்னாடி நீட்டி நீந்தலாம்னா ஜாக்கெட்டோட கை ஓட்டை ரெண்டும் அக்குள்ல மாட்டிக்கிட்டு கை பாதிதான் வருது. கயாக் ரெண்டு கை தூரத்துல மிதக்குது, அத எட்ட முடியல.

கூட வந்த அண்ணன் பல வருஷமா கயாக் ஓட்டுறவரு, உடனே திருப்பிக்கிட்டு வந்து என் ஜாக்கெட்டோட தோள்பட்டைய புடிச்சு இழுத்தாரு. தண்ணில விழுந்தவங்கள இழுக்குறதுன்னா அங்கதான் புடிப்பாங்க. அவர் இழுத்ததும் ஜாக்கெட் மட்டும் அவர் கையோட போகுது, நான் கீழ நழுவுறேன். அத விட்டுட்டு அவர் என் கைய மணிக்கட்டோட புடிச்சாரு, நான் அவர் கயாக்கோட முனைய கட்டிக்கிட்டு கரைக்கு வந்து சேர்ந்தேன். மொத்தம் 10 நிமிஷம்கூட இருக்காது. ஆனா அந்த 10 நிமிஷம் கழிச்சுதான் நான் போட்டிருந்தது என்னன்னே யோசிக்க ஆரம்பிச்சேன், அதுக்கு முன்னாடி "லைஃப் ஜாக்கெட் இருக்கா, இருக்கு" அவ்ளோதான் என் செக்கிங்.

கரைல ஈரத்தோட நிக்கும்போதே அண்ணன் சொன்னாரு, "தம்பி, ரெண்டு கையையும் மேல தூக்கு." தூக்குனேன். பின்னாடி நின்னு ரெண்டு தோள்பட்டையையும் புடிச்சு நேரா மேல இழுத்தாரு. கட்டியிருந்த பக்கிள் எல்லாம் கட்டுன மாதிரியே இருக்கு, ஜாக்கெட் சர்ருன்னு மூக்கு வரைக்கும் ஏறிருச்சு. "இத கரைய விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும், நானும் பாக்காம விட்டுட்டேன்"னாரு. அப்புறம் ஃபோம கட்டைவிரலால அழுத்திப் பாத்தாரு, முகம் மாறிருச்சு. "இது ஃபிட் பிரச்சனை மட்டும் இல்லப்பா, இந்த ஃபோமே செத்துருக்கு, வீட்டுக்குப் போய் வெயிட் கட்டிப் பாரு"ன்னாரு.

அது ஒருத்தர்கிட்ட இருந்து பழசா வாங்குன ஜாக்கெட். லேபிள்ல 50 நியூட்டன், சைஸ் லார்ஜ்னு இருந்துச்சு. என் மார்பு சுத்தளவு 92 சென்டிமீட்டர், அதே லேபிள்ல லார்ஜ்க்கு போட்டிருந்த அளவு அதுக்கு ரொம்ப மேல. பட்டைய இறுக்குனா சரியாயிரும்னு நெனச்சு வாங்கிட்டேன்.

இந்த 50 நியூட்டன்னா என்னன்னு மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நான் அத ரொம்ப நாள் "50 கிலோ ஆள தாங்கும்"னு தப்பா புரிஞ்சு வச்சிருந்தேன், இன்னும் நிறைய பேர் அப்படித்தான் நெனக்கிறாங்க. நியூட்டன்ங்கிறது மேல தள்ளுற விசை. கிட்டத்தட்ட 10 நியூட்டன் ஒரு கிலோ கனத்த தாங்கும்னு வச்சுக்கலாம், அப்போ 50 நியூட்டன்னா தண்ணிக்குள்ள சுமார் 5 கிலோவ தாங்கும். 5 கிலோவ வச்சுக்கிட்டு 70 கிலோ ஆள் எப்படி மிதப்பான்னு கேட்டா, நம்ம உடம்பு கிட்டத்தட்ட தண்ணி அளவுக்கே கனமானது, முழுசா முழுகி இருக்கும்போது நம்மள தண்ணியே தாங்கிக்குது. தலைய மட்டும் தண்ணிக்கு வெளிய வைக்கணும்னாதான் கூடுதல் விசை வேணும், அது பெரியவங்களுக்கு பெரும்பாலும் 3 கிலோவுல இருந்து 5 கிலோ வரைக்கும்தான். அதனால 50 நியூட்டன் போதும். ஆனா பாத்தீங்கன்னா அதுல மிச்சம்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஃபோம் கொஞ்சம் செத்தாலும் அது நேரா நம்ம வாய்க்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்குற அந்த இடைவெளில இருந்துதான் குறையும். இன்னொன்னு, ஆள் குண்டா இருந்தா அதிக நியூட்டன் வேணும்னு ஒரு நெனப்பு இருக்கு, அது அப்படி நேர் கணக்கு இல்ல. கொழுப்பு மிதக்கும், எலும்பும் தசையும் முழுகும், ஒல்லியா இறுகின உடம்பா இருக்குறவங்க சில நேரம் அதிகமா தாழ்ந்து போவாங்க.

சர்வதேச தரம்னு பாத்தா ஐஎஸ்ஓ 12402, அதுல நாலு படி இருக்கு, 50, 100, 150, 275. இதுல 50 மட்டும் லைஃப் ஜாக்கெட்டே கிடையாது, அதுக்குப் பேரு பாயன்சி எய்டு, நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, அமைதியான தண்ணில, பக்கத்துல உதவிக்கு ஆள் இருக்கும்போது போடுறது. பேர்ல என்ன இருக்குன்னு தோணும், ஆனா வித்தியாசம் பெருசு. பாயன்சி எய்டு நம்மள மிதக்க உதவி பண்ணும், அவ்ளோதான். மயங்கி முகம் குப்புற விழுந்தா அது நம்மள மல்லாக்க திருப்பிவிடாது. 100ல இருந்துதான் கழுத்துப் பக்கமும் நெஞ்சுப் பக்கமும் மிதவைய அதிகமா வச்சு திருப்புற மாதிரி செய்றாங்க. அதுலயும் 100 அமைதியான தண்ணிக்குத்தான், கனமான டிரஸ் போட்டிருந்தா திருப்பும்னு நம்ப முடியாது. ஏன்னா மழைக்கோட்டு, வாட்டர்ப்ரூஃப் பேன்ட் எல்லாத்துக்குள்ளயும் காத்து மாட்டிக்கிட்டு முதுகுப் பக்கத்த தூக்கிப் புடிக்கும், அந்தக் காத்த ஜெயிச்சு ஆள திருப்பணும். அதனாலதான் கரைய விட்டு தூரமா கடல்ல போறவங்களுக்கு 150, கனமான பாதுகாப்பு உடையும் டூல்ஸும் மாட்டிக்கிட்டு வேலை செய்றவங்களுக்கு 275.

அப்போ எல்லாரும் 150 போட்டுக்கலாமேன்னு கேட்டா, கயாக்ல அது ஒத்து வராது. துடுப்பு போட தோளும் கையும் முழு சுத்து சுத்தணும், கவுந்தா நாமளே நீந்திப் போய் கயாக்க புடிச்சு மேல படுத்து ஏறணும், நெஞ்சுல பெரிய மூட்டை மாதிரி இருந்தா இது ரெண்டும் நடக்காது. தண்ணி பட்டதும் தானா ஊதிக்கிற டைப் போட்டா இன்னும் மோசம், ஒருதடவ கவுந்தாலே வெடிச்சு ஊதிக்கும், அப்புறம் அதோட நீந்துறது ரொம்ப கஷ்டம். அதனால கயாக்ல ஃபோம் வச்ச பாயன்சி எய்டுதான் சரி, ஆனா அது என்ன செய்யாதுங்கிறத தெரிஞ்சுக்கிட்டு போடணும். நான் இப்போ தனியா போறதில்ல, அதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். நீச்சல் தெரியாத ஒருத்தர படகுல கூட்டிட்டுப் போனா அவங்களுக்கு 50 போட்டுவிட மாட்டேன், அவங்களுக்கு கழுத்துப்பட்டை வச்ச 100 இல்ல 150 தான்.

இப்போ ஃபிட். அண்ணன் எனக்கு சொல்லிக்குடுத்த மாதிரியே சொல்றேன். கயாக் ஓட்டும்போது என்ன டிரஸ் போடுவீங்களோ அதையே போட்டுக்கிட்டுதான் அளவு பாக்கணும். மொதல்ல எல்லா பட்டையையும் முழுசா தளர்த்திடணும். போட்டு ஜிப்ப இழுத்துட்டு, இடுப்புப் பட்டையதான் மொதல்ல இறுக்கணும், அது வயித்துல இல்ல, கடைசி விலா எலும்புக்குக் கீழ வந்து உக்காரணும். ஜாக்கெட் மேல ஏறாம தடுக்குறதே அந்த எலும்புதான், தண்ணில ஜாக்கெட் மேல போகப் பாக்கும்போது அந்தப் பட்டை விலா எலும்போட அடி விளிம்புல போய் முட்டி நிக்கும். நான் பண்ண தப்பு இதேதான், மொதல்ல தோள்பட்டைய இழுத்து இறுக்கிட்டேன். அப்படி இறுக்குனா மொத்த ஜாக்கெட்டும் மேல தூக்கிக்கும், இடுப்புப் பட்டை விலாவுக்கு மேலயே வந்துரும், அப்புறம் அத எவ்ளோ இறுக்குனாலும் புடிக்க அங்க ஒண்ணும் இல்ல. அதனால இடுப்பு, அப்புறம் பக்கவாட்டுப் பட்டை, கடைசியாத்தான் தோள். தோள்ல ரெண்டு விரல் போற அளவு இருந்தா போதும்.

அப்புறம் நல்லா மூச்ச இழுத்துப் பாக்கணும், இறுக்கமா இருக்கணும், ஆனா நெஞ்சு விரியணும். அதுக்கு அப்புறம் அந்த இழுக்குற டெஸ்ட், கைய தூக்கி நிக்கணும், இன்னொருத்தர் ரெண்டு தோள்பட்டையையும் புடிச்சு நல்லா மேல இழுக்கணும், சும்மா தொட்டுப் பாக்குற மாதிரி இல்ல, ஒரு ஆள தூக்குற மாதிரி. தாடை வரைக்கும் வராம கொஞ்சம் அசைஞ்சு நின்னுட்டா சரி. தாடைக்கோ காதுக்கோ வந்துச்சுன்னா பட்டைய மறுபடி சரி பண்ணிப் பாக்கலாம், அப்பவும் வந்தா சைஸ் பெருசுன்னு அர்த்தம், அத போட்டுக்கிட்டு தண்ணிக்குப் போகக்கூடாது.

நின்னுக்கிட்டு சரியா இருந்தது உக்காந்தா மாறிடும், இத கடைல யாரும் சொல்றதில்ல. கயாக் சீட்ல உக்காந்ததும் பின்னாடி இருக்குற முதுகுத் தாங்கி ஜாக்கெட்டோட கீழ் விளிம்ப முட்டி மேல தள்ளும், முன்பக்கம் வயிறு மடிஞ்சு தள்ளும். அதனாலதான் கயாக்குக்குன்னு செய்றது நீளம் கம்மியா இருக்கும். முடிஞ்சா சீட்லயே உக்காந்து துடுப்பு போடுற மாதிரி கைய சுத்திப் பாருங்க, இல்லன்னா தரைல கால நீட்டி சுவத்துல சாஞ்சு உக்காந்தாவது பாருங்க. கடைசியா தண்ணி. நெஞ்சளவு தண்ணில இறங்கி ரெண்டு காலையும் மடக்கி தூக்கிக்கிட்டு கை அசைக்காம சும்மா மிதக்கணும். தாடை தண்ணிக்கு மேல இருக்கணும், ஜாக்கெட் தோள விட்டு ரொம்ப எழும்பக் கூடாது. இப்படி பண்ணப்போ எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது, நனைஞ்ச அப்புறம் பட்டை கொஞ்சம் இளகி பக்கிள்ல வழுக்குது. இப்போ மொதல் தடவ நனைஞ்சதும் ஒருதடவ திரும்ப இழுத்து விட்டுக்குறேன்.

குழந்தைங்க விஷயத்துல மார்பளவு இல்ல, உடம்பு எடைதான் கணக்கு, லேபிள்ல எத்தன கிலோவுல இருந்து எத்தன கிலோ வரைக்கும்னு போட்டிருக்கும். என் அக்கா பொண்ணு 22 கிலோ இருந்தப்போ, அக்கா 30 கிலோவுல இருந்து ஆரம்பிக்கிற ஒண்ண வாங்கிட்டு வந்தா, "வளருற புள்ளடா, ரெண்டு வருஷம் வரும்ல"ன்னா. துணிமணிக்கு அந்தக் கணக்கு சரி. இதுக்கு வேண்டவே வேண்டாம்னு சொன்னா நம்பல, அப்புறம் ஆழம் கம்மியா இருந்த இடத்துல அவளயே பக்கத்துல நிக்கவச்சு புள்ளைய மிதக்கவிட்டுக் காமிச்சேன். ஒரு செகண்டுல ஜாக்கெட் மேல வந்து புள்ள தலை உள்ள போயிருச்சு, ரெண்டு கையும் மேல நிக்குது. குழந்தைங்களுக்கு இடுப்பும் தோளும் ஒரே நேரா இருக்கும், புடிச்சு நிக்க இடமே கிடையாது, அதனால கால் நடுவுல போற பட்டை அவங்களுக்கு கண்டிப்பா வேணும், அத தொந்தரவா இருக்குன்னு கழட்டி விடவே கூடாது. அக்கா மறுநாளே மாத்திட்டா.

சரி, என் ஜாக்கெட்டுக்கு வரேன். வீட்டுக்கு வந்து பெரிய டிரம்ல தண்ணி புடிச்சேன். யோசனை ரொம்ப சாதாரணமானது, ஜாக்கெட்ல வெயிட்ட கட்டி தண்ணில விடணும், மிதந்தா அந்த வெயிட்ட தாங்குற விசை அதுல இருக்கு, முழுகுனா இல்ல. 50 நியூட்டனுக்கு 5 கிலோ, கொஞ்சம் கூடவே போடலாம்னு வீட்ல எக்சர்சைஸுக்கு வச்சிருந்த பிளாஸ்டிக் உறை போட்ட 6 கிலோ வெயிட்ட கட்டி விட்டேன். மிதந்துச்சு, அதுவும் நல்லாவே மிதந்துச்சு. அண்ணனுக்கு போன் போட்டு "ஃபோம் நல்லாத்தான் இருக்குண்ணே, 6 கிலோ தாங்குது"ன்னேன். அவர் கேட்ட மொத கேள்வி, "என்ன வெயிட் கட்டுன, இரும்பா?" இல்லண்ணே, பிளாஸ்டிக் உறைன்னதும், "உள்ள சிமெண்டா இருக்கும்டா, அது தண்ணிக்குள்ள 6 கிலோ கிடையாது"ன்னாரு.

அப்போதான் எனக்கு உறைச்சுது. தண்ணிக்குள்ள போற எந்தப் பொருளும் தான் தள்ளிவிட்ட தண்ணியோட எடை அளவுக்கு லேசாகும், ஸ்கூல்ல படிச்ச ஆர்க்கிமிடிஸ்தான். இரும்பு தண்ணிய விட ஏழு எட்டு மடங்கு கனம், அதனால அது தன் எடைல ஏழுல ஒரு பங்கு, எட்டுல ஒரு பங்குதான் இழக்கும். சிமெண்ட் ரெண்டேகால், ரெண்டரை மடங்குதான் கனம், அது நாப்பது சதவீதத்துக்கு மேல இழந்துரும். என் 6 கிலோ சிமெண்ட் வெயிட் தண்ணிக்குள்ள வெறும் மூணரை கிலோ அளவுதான். அதாவது நான் டெஸ்ட் பண்ணது 50 நியூட்டன இல்ல, முப்பத்தி சொச்சத்த. அத நம்பி மறுபடி அதே ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு போயிருப்பேன்.

மறுநாள் தெரிஞ்சவர்கிட்ட இரும்புத் தட்டுங்க வாங்கிட்டு வந்து ஒழுங்கா பண்ணேன். ஜாக்கெட் பாக்கெட்ட எல்லாம் காலி பண்ணி, ஜிப்பையும் பக்கிளையும் மாட்டி, தண்ணிக்குள்ள அமுக்கி நல்லா பெசஞ்சு காத்து குமிழ் வர்றது நிக்கிற வரைக்கும் விட்டு, ராத்திரி முழுக்க ஒரு கல்ல வச்சு முழுகடிச்சே வச்சேன். துணிக்கு நடுவுலயும் ஃபோம் தகடுங்களுக்கு நடுவுலயும் மாட்டியிருக்குற காத்து இருந்தா அது பொய்யா தூக்கிக் காமிக்கும், தண்ணில இருக்க இருக்க அந்தக் காத்து போயிரும், அத கணக்குல சேக்கக் கூடாது. காலைல 6 கிலோ இரும்ப கட்டுனேன், இது தண்ணிக்குள்ள 5 கிலோவுக்கு கொஞ்சம் மேல, சரியா 50 நியூட்டன் டெஸ்டுக்கு பொருந்தும். விட்டதும் கல்லு மாதிரி போச்சு. 5 கிலோ இரும்பு, மெதுவா போச்சு, ஆனா போச்சு. 4 கிலோல மிதந்துச்சு. அரை கிலோ சேத்து நாலரை வச்சப்போ, தோள்பட்டை மட்டும் தண்ணி மட்டத்த தொட்டுக்கிட்டு முழுகியும் முழுகாம நின்னுச்சு. நாலரை கிலோ இரும்புன்னா தண்ணிக்குள்ள கிட்டத்தட்ட 3.9 கிலோ, அதாவது 38 நியூட்டன். கால்வாசி விசை காணோம். பெரிய சைஸ் வேற, மேல ஏறவும் செய்யுது, அப்போ அன்னிக்கி வாய் தண்ணி மட்டத்துல நின்னதுல ஆச்சரியமே இல்ல.

கணக்கு போட சங்கடமா இருக்குறவங்களுக்கு ஒரு எளிய வழி இருக்கு. பெட்டி எடை பாக்குற தொங்கவிடுற தராசுல வெயிட்ட கயித்துல கட்டி, வெயிட் மட்டும் தண்ணிக்குள்ள முழுகுற மாதிரி தொங்கவிட்டு, தராசு என்ன காட்டுதோ அதான் உண்மையான கனம். அடில தொடாம, பக்கத்துல ஒட்டாம இருந்தா போதும். எந்தப் பொருளா இருந்தாலும் பரவால்ல, தண்ணிக்குள்ள 5.1 கிலோ காட்டுனா அது 50 நியூட்டன். இது வீட்டு டெஸ்ட்தான், லேப்ல செய்ற அளவுக்கு துல்லியம் கிடையாது, ஒரு நியூட்டன் ரெண்டு நியூட்டன் முன்ன பின்ன இருக்கும். ஆனா 38ஐயும் 50ஐயும் பிரிச்சுக் காமிக்க இது தாராளமா போதும். சின்ன சைஸ் பாயன்சி எய்டுல 50க்கு கம்மியா போட்டிருக்கலாம், எடை கம்மியானவங்களுக்கு தரத்துலயே அளவு கம்மி, அதனால உங்க லேபிள்ல இருக்குற எண்ணத்தான் வச்சுப் பாக்கணும்.

ஃபோம் ஏன் சாகுதுன்னா, அதுக்குள்ள ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மூடுன அறைங்க இருக்கு, ஒவ்வொன்னுலயும் கொஞ்சம் காத்து. ஒரு அறை கிழிஞ்சாலோ நசுங்குனாலோ அந்தக் காத்து போச்சு, திரும்ப வராது. எனக்கு வித்தவர்கிட்ட கேட்டப்போ, கரைல உக்காரும்போது அதத்தான் மெத்தையா போட்டுப்போம், மத்த நேரம் படகுக்கு அடில கிடக்கும்னு சாதாரணமா சொன்னாரு. அவர் தெரிஞ்சு ஏமாத்தல, நிறைய பேர் அப்படித்தான் வச்சிருக்காங்க. மேல உக்காருறது, முட்டி போடுறது, கனமான சாமானுக்கு அடில மாசக்கணக்குல அமுக்கி வைக்கிறது, மூடுன கார்ல வெயில்ல போட்டு வைக்கிறது, இது எல்லாமே அந்த அறைங்கள கொல்லும். கையால பாக்குறதுன்னா கட்டைவிரலால நல்லா அழுத்தி விடணும், நல்ல ஃபோம் மெதுவா பழைய இடத்துக்கு வரும். என்னோடதுல விரல் பதிஞ்ச குழி அப்படியே இருந்துச்சு, ஓரத்துல சில இடம் விறைப்பா, அழுத்துனா பொடியுற மாதிரி சத்தம். துணி உறை ஃபோமுக்கு பெருசா தொளதொளன்னு இருந்தாலும் உள்ள ஃபோம் சுருங்கிருச்சுன்னு அர்த்தம்.

துணிய பத்தி ஒரு வார்த்தை. ஃபோம் எவ்ளோ நல்லா இருந்தாலும் அத உடம்போட கட்டி வைக்கிறது துணியும் நூலும்தான். வெயில்ல கலர் வெளுத்த இடத்த ரெண்டு கட்டைவிரலாலயும் புடிச்சு பிரிக்கிற மாதிரி இழுத்துப் பாருங்க, கிழிஞ்சா அது முன்னாடியே செத்துப்போன துணி, நீங்க கிழிக்கல. தோள்பட்டை உடம்போட சேருற தையல்ல நூல் பொசுங்குன மாதிரி தெரியுதான்னு பாருங்க, அந்த இடத்துலதான் உங்கள ஒருத்தர் புடிச்சு இழுப்பாரு. பக்கிள மாட்டி ரெண்டு பக்கமும் வெடுக்குனு இழுக்கணும், மணல் புகுந்த பக்கிள் மாட்டுன மாதிரி "டிக்"னு சத்தம் குடுத்துட்டு ஒரு பக்க பல்லுல மட்டும் நிக்கும், இழுத்தாதான் தெரியும். தச்சு சரி பண்றேன், பாக்கெட் வைக்கிறேன்னு ஊசிய எடுத்து குத்த வேண்டாம், பட்டைய நீளமா இருக்குன்னு வெட்டவும் வேண்டாம்.

ஊதுற டைப் வச்சிருக்குறவங்களுக்கு இந்த டிரம் டெஸ்ட் கிடையாது, அதுல பாக்க வேண்டியதே வேற. அண்ணன் மோட்டார் படகுல போகும்போது 150 ஊதுறது போடுவாரு, அதுல பொதுவா 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைச்ச சிலிண்டர் இருக்கும். கழட்டிப் பாக்கணும், முனைல ஓட்டை விழுந்திருக்கா, துரு இருக்கான்னு. அப்புறம் சின்ன எலக்ட்ரானிக் தராசுல வச்சு எடை பாக்கணும். 33 கிராம்ங்கிறது உள்ள இருக்குற வாயு மட்டும், சிலிண்டரோட சேத்து மொத்த எடை அது மேலயே பொறிச்சிருக்கும், அதோட ஒப்பிடணும், ரெண்டு கிராமுக்கு மேல கொறஞ்சா மாத்திருவாரு. சிலிண்டர் படகு ஆட்டத்துல தானா லூஸாகும், லூஸா இருந்தா வாயுவ வெளிய விட அத குத்துற ஊசி எட்டாது, அதனால ஒவ்வொரு தடவையும் கையால இறுக்கிப் பாப்பாரு. தானா ஊதுற மாதிரி இருந்தா தண்ணி பட்டா கரையுற அந்த பகுதிக்கு தேதி போட்டிருக்கும், அதையும் பாக்கணும். வருஷத்துக்கு ஒருதடவ குழாய்ல வாயால ஊதி, ஒரு நாள் முழுக்க அப்படியே வச்சு, மறுநாள் தளர்ந்திருக்கான்னு பாப்பாரு. இன்னொன்னு அவர் அடிக்கடி சொல்வாரு, அதுக்கு மேல கோட்டு போட்டு ஜிப்ப இழுக்கக் கூடாதுன்னு, உள்ள ஊதுச்சுன்னா நெஞ்ச நசுக்கும்.

எனக்கு புதுசா மீடியம் வாங்குனேன். வாங்குன அன்னிக்கே ஊறவச்சு அதே டிரம்ல அதே இரும்புத் தட்டுங்கள கட்டிப் பாத்தேன், 6 கிலோ சுலபமா தாங்குச்சு, ஆறரைலயும் மிதந்துச்சு, அதாவது 55க்கு மேல. உள்பக்க லேபிள் ஓரத்துல அழியாத பேனாவால தேதியையும் "6.5 இரும்பு"ன்னும் எழுதி வச்சிருக்கேன். வருஷா வருஷம் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி அதே டெஸ்ட் பண்றேன், மூணு வருஷம் ஆச்சு, இந்த வருஷம் ஆறரைல தயங்கித் தயங்கி நின்னுச்சு, 6 கிலோவ இன்னும் நல்லா தாங்குது. 6 கிலோல முழுகுற அன்னிக்கி அத எடுத்துருவேன். உப்புத் தண்ணிலயோ மணல்லயோ போயிட்டு வந்தா நல்ல தண்ணில அலசி, தோள்பட்டைல அகலமான ஹேங்கர் மாட்டி நிழல்ல தொங்கவிடுறேன், வெயில்லயோ ஹீட்டர் பக்கத்துலயோ இல்ல.

பழச யாருக்கும் குடுக்க மனசு வரல, சும்மா தூக்கிப் போட்டாலும் யாராவது எடுத்து கழுவி போட்டுக்குவாங்க, வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கு. அதனால பட்டை எல்லாத்தையும் கத்தியால அறுத்து, உறைய கிழிச்சு ஃபோம் தகடுங்கள வெளிய எடுத்தேன். முதுகுப் பக்கத்துல மூணு தகடு. ஓரத்துல ஒவ்வொன்னும் ஒரு விரல் பருமன் இருந்துச்சு. நடுவுல, ஆளுங்க அது மேல உக்காந்த இடத்துல, மூணும் சேந்தே ஒன்றரை விரல் பருமன்தான்.